ஒரு பத்தியை வைத்து எழுதியது யார் என்று ஏன் தீர்மானிக்க முடியாது

கேள்வி: "கையில் ஒரே ஒரு பத்திதான் இருக்கிறது, அறுபது சொல் இருக்கும். ஏஐ கண்டறியும் தளம் ஒன்றில் போட்டால் 'ஏஐ எழுதியது 87%' என்கிறது; இன்னொன்றில் போட்டால் 'மனிதர் எழுதியது' என்கிறது. எதை நம்புவது? நீளமான கட்டுரை என்றால் ஓரளவு சரியாகச் சொல்கிறதாமே, பத்திக்கு மட்டும் என்ன பிரச்சினை?"

இரண்டு விடைகளில் எதையும் முடிவாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்தத் தளங்கள் மோசமானவை என்பதற்காக இதைச் சொல்லவில்லை. மிக நன்றாக உருவாக்கப்பட்ட கருவிக்கும் அறுபது சொற்களுக்குள் தேவையான அளவு சான்று கிடைப்பதில்லை. அது ஏன் என்பதைக் கருவி எதை அளக்கிறது என்பதிலிருந்து தொடங்கினால் எளிதாகப் புரியும்.

கண்டறியும் கருவிகளில் பல வகை உண்டு. அவற்றில் பலவற்றின் அடியில் இருப்பது ஒரே கருத்துதான்: அடுத்து வரும் சொல் எவ்வளவு எதிர்பார்க்கக் கூடியதாக இருக்கிறது என்பது. அடுத்த சொல்லை ஊகிக்கும் மென்பொருளான மொழி மாதிரி ஒன்றிடம் உரையை முதலிலிருந்து சொல் சொல்லாகக் கொடுத்து, இதுவரை வந்ததை வைத்துப் பார்க்கையில் அடுத்த சொல்லுக்கு எவ்வளவு வாய்ப்பு இருந்தது என்று கணக்கிடுவார்கள். இரண்டில் ஒன்று வாய்ப்பு இருந்த சொல்லுக்கு 1, எட்டில் ஒன்று என்றால் 3, ஆயிரத்தில் ஒன்று என்றால் ஏறத்தாழ 10 என்று மதிப்பெண் போடலாம். இதை எதிர்பாராமை மதிப்பு என்று வைத்துக்கொள்வோம். இயந்திரம் பொதுவாக வாய்ப்பு மிகுந்த சொற்களையே தேர்ந்தெடுக்கிறது. ஆகவே இயந்திர உரையில் இந்த மதிப்பின் சராசரி சற்றுத் தாழ்ந்திருக்கும், மனிதர் எழுதியதில் சற்று உயர்ந்திருக்கும். பெர்ப்ளெக்சிட்டி என்ற பெயரில் பேசப்படுவது இந்தச் சராசரியிலிருந்து பெறப்படும் அளவுதான்.

இங்கே கவனிக்க வேண்டியது, 'சற்று' என்ற அந்த வித்தியாசம் ஒரே வாக்கியத்துக்குள் நடக்கும் ஏற்ற இறக்கத்தை விட மிகச் சிறியது. ஒரு வாக்கியத்தை எடுத்துப் பார்ப்போம்: "தாவரங்கள் சூரிய ஒளியைப் பயன்படுத்தி, கார்பன் டை ஆக்சைடையும் நீரையும் குளுக்கோஸாக மாற்றுகின்றன." முதல் சொல்லுக்கு முன்னால் எதுவும் இல்லை, உலகத்தில் எந்தச் சொல்லும் அங்கே வந்திருக்கலாம் என்பதால் 'தாவரங்கள்' பத்துக்கு மேல் மதிப்புப் பெறலாம். 'சூரிய' என்று வந்த பிறகு 'ஒளியை' என்பது ஏறக்குறைய எதிர்பார்த்ததுதான். 'கார்பன் டை' என்று எழுதியவர் 'ஆக்சைடு' என்று முடிக்காமல் வேறு எங்கே போக முடியும்? அங்கே மதிப்பு பூஜ்யத்தை ஒட்டி நிற்கும். பத்துச் சொல் வாக்கியத்துக்குள் மதிப்பு பூஜ்யத்திலிருந்து பத்து வரை தாவிவிட்டது. அதுமட்டுமன்றி, இந்த வாக்கியத்தை ஒரு உயிரியல் ஆசிரியர் எழுதினாலும் இயந்திரம் எழுதினாலும் ஏறத்தாழ இதே சொற்கள்தாம் வரும். உள்ளடக்கமே சொற்களைக் கட்டாயப்படுத்துகிறது. எழுதியவரின் கை தெரிவதற்கு இங்கே இடமே இல்லை.

இனி எண்களை வைத்துப் பார்ப்போம். இவை விளக்கத்துக்காக நானே எடுத்துக்கொண்டவை, ஆனால் அளவில் இயல்புக்குப் புறம்பானவை அல்ல. மனிதர் எழுத்தின் சராசரி எதிர்பாராமை 3.6, இயந்திர எழுத்தின் சராசரி 3.0, தனிச் சொற்கள் அந்தச் சராசரியிலிருந்து வழக்கமாக விலகும் அளவான திட்ட விலக்கம் 3 என்று கொள்வோம். பிரிக்க வேண்டிய இடைவெளி 0.6, தனிச் சொல்லின் ஆட்டமோ அதைப் போல ஐந்து மடங்கு. பல சொற்களைச் சேர்த்துச் சராசரி எடுக்கும்போது ஆட்டம் குறையும் என்பது உண்மை. ஆனால் அது சொற்களின் எண்ணிக்கையின் வர்க்கமூலத்துக்கு ஏற்பத்தான் குறைகிறது. ஆட்டத்தைப் பாதியாக்க நான்கு மடங்கு சொற்கள் வேண்டும்.

அறுபது சொல் பத்திக்கு, 3-ஐ 60-இன் வர்க்கமூலமான 7.75-ஆல் வகுத்தால் சராசரியின் ஆட்டம் 0.39 என்று வருகிறது. அப்படியானால் மனிதர் எழுதும் பத்திகளில் மூன்றில் இரண்டு பங்கு 3.2-க்கும் 4.0-க்கும் இடையே விழும். இயந்திரப் பத்திகளில் மூன்றில் இரண்டு பங்கு 2.6-க்கும் 3.4-க்கும் இடையே விழும். இரண்டு கூட்டங்களும் ஒன்றின் மேல் ஒன்று ஏறி நிற்கின்றன. நடுவில் 3.3 என்ற இடத்தில் கோடு கிழித்தால் இரு பக்கத்திலும் நூற்றுக்கு 22 தவறாகப் போகும். அதே கணக்கை அறுநூறு சொல் கட்டுரைக்குப் போட்டால் ஆட்டம் 0.12-ஆகச் சுருங்குகிறது; கூட்டங்கள் விலகிவிடுகின்றன; அதே கோட்டில் பிழை நூற்றுக்கு ஒன்றுக்கும் கீழே வந்துவிடுகிறது. நீளமான கட்டுரைக்கு ஓரளவு சரியாகச் சொல்கிறது என்று நீங்கள் கேள்விப்பட்டதன் பின்னணி இதுதான்.

உண்மை நிலவரம் இந்தக் கணக்கைவிட மோசம் என்றே சொல்ல வேண்டும். ஒவ்வொரு சொல்லும் தனித்தனிச் சான்று என்று மேலே எடுத்துக்கொண்டேன். ஒரு பத்திக்குள் அப்படி இருப்பதில்லை. பேசும் பொருள் வறண்டது என்றால் பத்தி முழுவதும் மதிப்புத் தாழும். வட்டார வழக்கோ ஆட்பெயரோ வந்தால் அதைச் சுற்றியுள்ள வாக்கியங்களெல்லாம் உயரும். ஆகவே அறுபது சொல்லில் அறுபது சான்று இருப்பதாக எண்ணுவதே மிகை.

நூற்றுக்கு 22 பிழை என்றால் மீதி 78 சரிதானே, அதுவும் பயன்தானே என்று தோன்றலாம். எத்தனை பேர் உண்மையில் ஏஐயைப் பயன்படுத்தினார்கள் என்பதைச் சேர்த்துப் பார்க்கும்போதுதான் நிலைமை விளங்கும். ஆயிரம் பத்திகள் வந்திருக்கின்றன, அவற்றில் நூறு இயந்திரம் எழுதியவை என்று வைத்துக்கொள்ளுங்கள். கருவி அந்த நூறில் 78-ஐப் பிடிக்கும். மனிதர் எழுதிய தொள்ளாயிரத்தில் 22 விழுக்காடு, அதாவது 198 பத்திகளையும் சேர்த்துப் பிடிக்கும். மொத்தம் 276 பத்திகள் 'ஏஐ' என்று குறிக்கப்படும். அவற்றில் 198, பத்துக்கு ஏழு என்ற கணக்கில், மனிதர் தம் கையால் எழுதியவை.

இதைத் தவிர்க்கக் கோட்டைக் கீழே இறக்கலாம். மனிதர் எழுத்தில் நூற்றுக்கு ஒன்று மட்டுமே தவறாக மாட்ட வேண்டும் என்று முடிவு செய்தால், மேற்கண்ட எண்களின்படி கோடு 2.7-க்குப் போகிறது. இப்போது தவறாக மாட்டுபவர்கள் 9 பேர்தான். ஆனால் இயந்திரம் எழுதிய நூறில் பிடிபடுவதும் 22-தான். மீதி 78-ஐக் கருவி 'மனிதர்' என்று வழியனுப்பிவிடும். பிடிபட்ட 31 பேரிலும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் குற்றமற்றவர்கள். சிறு பத்தியில் இந்த இரண்டு தவறுகளில் ஒன்றைக் குறைத்தால் மற்றது பெருகுகிறது. உங்களுக்கு இரண்டு தளங்கள் இரண்டு விடை தந்ததற்கு இதுவே போதுமான விளக்கமாக இருக்கலாம்: கோட்டை ஒருவர் மேலே கிழித்திருக்கிறார், மற்றவர் கீழே கிழித்திருக்கிறார், உங்கள் பத்தி இடையில் விழுந்திருக்கிறது. மேலும் 87% என்பதன் பொருளே தளத்துக்குத் தளம் வேறுபடும். சிலவற்றில் அது கருவியின் உறுதியைக் குறிக்கும். சிலவற்றில் உரையில் எத்தனை பங்கு ஏஐ எழுதியதாகக் குறிக்கப்பட்டது என்பதைக் குறிக்கும். இரண்டுமே 'இந்த ஆள் ஏஐயைப் பயன்படுத்தியிருக்க 87% வாய்ப்பு' என்பதற்குச் சமமாகாது, ஏனென்றால் வந்த பத்திகளில் எத்தனை இயந்திரம் எழுதியவை என்பது கருவிக்குத் தெரியாது.

சிறு உரைக்கே உரிய இன்னொரு பலவீனம், இரண்டு மூன்று சொற்கள் முடிவையே புரட்டிப் போடுவது. அறுபது சொல் பத்தியில் மதிப்பு 1 உள்ள மூன்று சொற்களை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் மதிப்பு 9 உள்ள மூன்று சொற்களைப் போடுகிறோம். கூடுவது 24, அறுபதால் வகுத்தால் சராசரி 0.4 உயரும். மனிதருக்கும் இயந்திரத்துக்கும் இடையே இருந்த 0.6-இல் மூன்றில் இரண்டு பங்கை மூன்று சொற்கள் கடந்துவிட்டன. ஏமாற்றும் எண்ணத்தோடு செய்தால்தான் இது நடக்கும் என்பதில்லை. ஒருவர் தம் பத்தியில் இரண்டு ஊர்ப் பெயரைச் சேர்த்தால் மனிதர் பக்கம் நகர்கிறது. எழுத்துப்பிழை திருத்தும் செயலி இரண்டு அபூர்வச் சொற்களை வழக்கமான சொற்களாக மாற்றினால் இயந்திரத்தின் பக்கம் நகர்கிறது. அறுநூறு சொல் கட்டுரையில் அதே மூன்று சொற்கள் 0.04 தான் அசைக்கும். ஒரே பத்தியை முதல் வாக்கியம் நீக்கி மறுபடி போட்டுப் பாருங்கள், அல்லது வாக்கியங்களின் வரிசையை மாற்றிப் போட்டுப் பாருங்கள். எண் 87-இலிருந்து 40-க்குத் தாவுமானால், அந்த எண் எழுதியவரைப் பற்றி எதையும் சொல்லவில்லை என்பதற்கு அதுவே சான்று.

இது ஏஐ வந்த பிறகு முளைத்த சிக்கலும் அல்ல. எழுத்தை வைத்து ஆசிரியரைக் கண்டறியும் துறை நெடுநாளாகவே உரையின் நீளத்தோடு போராடிக்கொண்டிருக்கிறது. அமெரிக்க அரசியலமைப்பை ஆதரித்து 1780-களில் எழுதப்பட்ட ஃபெடரலிஸ்ட் கட்டுரைகளில், எழுதியவர் ஹாமில்டனா மேடிசனா என்று சர்ச்சைக்குள்ளான பன்னிரண்டை மோஸ்டெல்லர், வாலஸ் என்ற இரண்டு புள்ளியியலாளர்கள் 1960-களில் ஆராய்ந்து, அவை மேடிசன் எழுதியவை என்ற முடிவுக்கு வந்தார்கள். அவர்களுக்குக் கைகொடுத்த சொற்களில் ஒன்று 'அபான்' என்ற சிறு ஆங்கில முன்னிடைச் சொல். ஹாமில்டன் அதை ஆயிரம் சொல்லுக்கு ஏறத்தாழ மூன்று முறை எழுதுவார். மேடிசன் ஆறாயிரம் சொல்லுக்கு ஒரு முறை எழுதுவார். பதினெட்டு மடங்கு வித்தியாசம்! மனிதருக்கும் இயந்திரத்துக்கும் இடையே இப்படியொரு தெளிவான அடையாளம் கிடைத்தால் நாம் கொண்டாடுவோம்.

அந்த அடையாளத்தை ஓர் அறுபது சொல் பத்தியில் பொருத்திப் பாருங்கள். ஹாமில்டன் எழுதிய பத்தியிலேயே அந்தச் சொல் சராசரியாக 0.18 முறைதான் வரும். அவருடைய நூறு பத்திகளில் ஏறத்தாழ 84-இல் அது வரவே வராது. மேடிசனுடைய நூறில் 99-இல் வராது. அந்தச் சொல் இல்லாத ஒரு பத்தி கிடைத்தால் அதிலிருந்து நாம் தெரிந்துகொள்வது ஏறக்குறைய ஒன்றுமில்லை. இரண்டாயிரம் சொல் கட்டுரை என்றால் ஹாமில்டனிடமிருந்து சராசரியாக ஆறு முறை எதிர்பார்க்கலாம். ஒரு முறைகூட வரவில்லை என்றால் அது அவருடையதாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. அந்த ஆய்வுக்கு ஏற்றவையாக இருந்தவை நீண்ட கட்டுரைகள். அத்துடன் சந்தேகத்துக்குரியவர்கள் இருவர் மட்டுமே, இருவர் எழுதியதும் ஏராளமாகக் கையில் இருந்தது. நீங்கள் வைத்திருக்கும் பத்திக்கு இவற்றில் ஒன்றும் இல்லை. தமிழில் இன்னொரு இடையூறும் சேர்ந்துகொள்கிறது. ஆங்கிலத்தில் தனிச் சொற்களாக நின்று எழுத்தாளரைக் காட்டிக்கொடுக்கும் சிறு சொற்களின் வேலையைத் தமிழில் பெரும்பாலும் விகுதிகளும் உருபுகளும் செய்கின்றன. அறுபது தமிழ்ச் சொற்களில் அப்படி எண்ணுவதற்குத் தனியாக நிற்கும் சொற்கள் இன்னும் குறைவு.

கண்ணால் பார்த்தே சொல்லிவிடுவேன் என்பவர்களின் நிலையும் இதேதான். 'முக்கியப் பங்கு வகிக்கிறது' என்று வந்தால் இயந்திரம் என்பார்கள். அப்படியொரு தொடர் இயந்திரப் பத்திகளில் நூற்றுக்கு ஐந்திலும் மனிதப் பத்திகளில் நூற்றுக்கு ஒன்றிலும் வருகிறது என்றே வைத்துக்கொண்டாலும், பத்தில் ஒன்று இயந்திரம் என்ற நம் பழைய கணக்கின்படி, அந்தத் தொடர் உள்ள பத்தி இயந்திரம் எழுதியதாக இருக்க வாய்ப்பு 36 விழுக்காடுதான். நீண்ட கட்டுரையில் இத்தகைய பல அடையாளங்கள் ஒன்றையொன்று உறுதி செய்யலாம். பத்தியில் ஒன்று கிடைத்தாலே அதிகம், அதன் மேல் தீர்ப்பு ஏற்றுவது அநியாயம்.

கருவிகளை உருவாக்கியவர்களே இந்த வரம்பை வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார்கள். ஓப்பன்ஏஐ நிறுவனம் 2023 ஜனவரியில் வெளியிட்ட கண்டறியும் கருவி ஆயிரம் எழுத்துக்குக் குறைந்த உரைகளில் மிகவும் நம்பத்தகாதது என்று அறிவிப்பிலேயே எழுதியிருந்தது. அவர்களுடைய சோதனையில் ஏஐ உரைகளில் 26 விழுக்காட்டை மட்டுமே அது பிடித்தது, மனிதர் எழுதியவற்றில் 9 விழுக்காட்டைத் தவறாகக் குறித்தது. துல்லியம் போதவில்லை என்று அதே ஆண்டு ஜூலையில் அதை விலக்கிக்கொண்டார்கள். மாணவர் கட்டுரைகளைச் சோதிக்கும் டர்னிட்டின் என்ற சேவை தன் ஏஐ அறிக்கைக்குக் குறைந்தது 300 சொல் தொடர் உரைநடை வேண்டும் என்று வைத்திருக்கிறது. உங்கள் பத்தி அந்த வாசலுக்கே போகாது.

300 சொல்லைத் தாண்டிய கட்டுரையைப் பத்தி பத்தியாக வெட்டி ஒவ்வொன்றையும் தனியே சோதிக்கும் பழக்கம் ஒன்று பரவியிருக்கிறது. அதைக் கைவிடும்படி வற்புறுத்திச் சொல்கிறேன். நூற்றுக்கு ஒன்றுதான் பிழை என்ற கண்டிப்பான கோட்டை வைத்தாலும், மனிதர் எழுதிய இருபது பத்திக் கட்டுரையில் ஏதேனும் ஒரு பத்தியாவது மாட்டிக்கொள்ள வாய்ப்பு ஏறத்தாழ 18 விழுக்காடு. "கட்டுரை உன்னுடையதுதான், இந்த ஒரு பத்தியை மட்டும் ஏஐ எழுதியிருக்கிறது" என்று ஒரு மாணவரிடம் சொல்லப்படும் குற்றச்சாட்டுகளில் எத்தனை இந்த எண்ணிலிருந்து பிறந்தவை என்று நினைத்தால் மனம் கலங்குகிறது.

நீளம் எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்றும் நான் சொல்லவில்லை. சொற்கள் கூடக் கூடக் குறைவது தற்செயல் ஆட்டம் மட்டுமே. எழுதுபவரின் நடையே சராசரிக்குக் கீழே இருந்தால், எத்தனை பக்கம் எழுதினாலும் அந்தச் சாய்வு மாறாது. ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2023-இல் ஏழு கண்டறியும் கருவிகளில், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் டோஃபல் தேர்வுக்கு எழுதிய 91 கட்டுரைகளைப் போட்டுப் பார்த்தார்கள். அவற்றில் சராசரியாக 61 விழுக்காட்டுக்கு மேல் ஏஐ என்று தவறாகக் குறிக்கப்பட்டன. கற்ற மொழியில் எழுதுபவர் பழகிய சொற்களையும் பாதுகாப்பான வாக்கிய அமைப்பையும் நாடுகிறார். எதிர்பாராமை மதிப்புத் தாழ்கிறது. கருவி அதை இயந்திரத்தின் அடையாளம் என்று படிக்கிறது. சிறு பத்தியில் இந்தச் சாய்வும் தற்செயல் ஆட்டமும் ஒன்று சேர்ந்துகொள்கின்றன. எது எது என்று பிரித்துக்காட்ட அந்தப் பத்திக்குள் ஒரு வழியும் இல்லை.

எழுதும்போதே இயந்திரம் மறைமுகக் குறி இட்டுவைக்கும் வாட்டர்மார்க் முறையும் நீளத்துக்குக் கட்டுப்பட்டதுதான். அதன் ஒரு வடிவத்தில், ஒவ்வொரு இடத்திலும் சொற்களில் பாதியைப் 'பச்சை' என்று ரகசியமாகப் பிரித்து, பச்சைச் சொற்களைச் சற்றுக் கூடுதலாகத் தேர்ந்தெடுக்கும்படி மாதிரியைச் சாய்த்துவிடுவார்கள். பிறகு பச்சைச் சொற்களை எண்ணி, தற்செயலாக இவ்வளவு வருமா என்று பார்ப்பார்கள். நான்கு திட்ட விலக்கம் என்ற கண்டிப்பான அளவை வைத்தால், அறுபது சொல்லில் 46-ஆவது பச்சையாக இருக்க வேண்டும், அதாவது 77 விழுக்காடு. அறுநூறு சொல்லில் 349 போதும், 58 விழுக்காட்டைச் சற்றே தாண்டுகிறது. அந்த 77 விழுக்காட்டை எட்டும்படி பலமாகச் சாய்த்தால் எழுத்தின் தரம் கெடும். 'கார்பன் டை' என்பதற்குப் பின் 'ஆக்சைடு' வந்தே தீர வேண்டிய இடங்களில் சாய்க்கவும் முடியாது.

ஒரு பத்தியை மட்டும் வைத்து உறுதியாகச் சொல்லக்கூடிய சந்தர்ப்பங்கள் மிகச் சில. "ஒரு ஏஐ மொழி மாதிரியாக என்னால்..." என்ற வாக்கியம் நீக்கப்படாமல் அப்படியே ஒட்டப்பட்டிருந்தால் அது சான்று. அந்தப் பத்தி ஏஐ பரவலாவதற்கு முன்பே அச்சில் வந்தது என்று காட்ட முடிந்தால் அது எதிர்ச் சான்று. இவை நடையைப் பார்த்துச் செய்யும் ஊகங்களாக இல்லாமல், நேரடித் தடயங்களாக இருப்பதால்தான் நீளத்தைச் சாராமல் நிற்கின்றன. மற்ற நேரங்களில் தேட வேண்டியவை பத்திக்கு வெளியே இருக்கின்றன: அதே ஆள் அதே வகைப் பொருளில் முன்பு எழுதிய நீளமான எழுத்து, ஆவணத்தின் திருத்த வரலாறு, முதல் வரைவு, குறிப்புகள். திருத்த வரலாற்றில் பத்தி மெல்ல வளர்ந்து, அழிந்து, மீண்டும் எழுந்திருந்தால் அது எழுதியவருக்குச் சாதகமான வலுவான ஆதாரம். ஒரே நொடியில் முழுதாக வந்து விழுந்திருந்தால், அதை எங்கிருந்து எடுத்து ஒட்டினார் என்று அவரிடமே கேட்கலாம். கைபேசியில் எழுதிக்கொண்டு வந்து ஒட்டுபவர்களும் பலர் என்பதை மறக்காமல் கேட்க வேண்டும். இவற்றில் எதுவும் கிடைக்காத நிலையில் அந்தப் பத்தியைப் பற்றி நேர்மையாக எழுதக்கூடிய குறிப்பு 'தீர்மானிக்க இயலவில்லை' என்பதுதான், கருவி 87 என்று சொன்னாலும் 99 என்று சொன்னாலும்.